ஒழுகலை வெட்டாத வீடியோ

தெருவில் அவரை ஒழுகல்காரர் என்றால்தான் தெரியும். மொட்டைமாடிகளில் நீர்க்கசிவை அடைப்பது அவர் தொழில். எந்தக் கூரையின் ஒழுகலையும் அடைத்துவிடுவார், தன் வாயைத் தவிர என்பது அவர் மனைவியின் கட்சி. அவரும் மறுத்ததில்லை. மறுப்பதற்கும் பேசத்தானே வேண்டும்?

இத்தனை காலமும் ஒற்றை வீடுகளையே பார்த்துவந்தவருக்கு இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கையெட்டும் தூரத்தில் வந்து நின்றது. எல்லாக் கட்டடங்களின் மாடியும் ஒரே ஆளுக்கு. கிடைத்தால் வேலையில்லாத வெயில் மாதங்களையும் கவலையின்றித் தள்ளிவிடலாம். ஆனால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார்.

“உங்க பேச்சை நிறையக் கேட்டாச்சு. உங்ககிட்ட வேலை வாங்கினவங்க பேச்சைக் கேக்கணும். ஒரு வீடியோ அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல போட்டுப் பார்த்துட்டு முடிவு சொல்றோம்.”

இதென்ன பிரமாதம் என்று ஒழுகல்காரர் அன்றே தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். போன மழைக்காலத்தில் அந்த அம்மாவின் மாடியைச் சரிசெய்து கொடுத்திருந்தார். வெளிச்சமான இடம் ஜன்னல்தானே என்று அம்மாவை ஜன்னலுக்கு முன்னால் உட்காரவைத்தார். தலைக்கு மேல் விசிறி சுழல, எதிர்ச்சுவரோரம் நின்று போனை நீட்டிக் கேட்டார்.

“நம்ம வேலை உங்களுக்கு ரொம்பத் திருப்தியா இருந்துச்சு, இல்லீங்களாக்கா?”

“ஆமா.”

“இப்ப ஒரு சொட்டுத் தண்ணிகூட இறங்கலை, அப்படித்தானே?”

“ஆமா தம்பி.”

“எல்லாருக்கும் நம்மளைத்தான் சிபாரிசு பண்ணுவீங்க, சரிதானே?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலை ஒழுகல்காரரின் மனைவி அதைப் பார்த்தாள். அவள் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பிறர் சொல்வதைக் கேட்கிறவள். வீட்டுக்கு வந்த பிறகும் கேட்க வேண்டியிருப்பது அவள் தலையெழுத்து.

“ஏங்க, இதுல பேசறது யாரு?”

“தையக்கார அக்கா.”

“அவங்க ‘ஆமா’தான் சொல்றாங்க. மத்ததெல்லாம் நீங்க. இது அவங்க குடுத்த சாட்சி இல்லை, நீங்க எழுதின வசனம். முகமும் தெரியலை. ஜன்னல் பளிச்சுனு இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு நிழல் உக்காந்து ஆமா போடுது. இதை அனுப்பினா, ஆளை மிரட்டி வாங்கின மாதிரி இருக்கும்.”

மனிதன் தன்னைப் பற்றிய நல்ல வார்த்தையை அடுத்தவர் வாயால் கேட்க ஆசைப்படுகிறான். ஆனால் அந்த வாயில் எந்த வார்த்தை இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்துவிடுகிறான். கண்ணாடிக்கு முன் நின்று தன் தோளைத் தானே தட்டிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒழுகல்காரருக்கு இது புரிந்தது. புரிந்ததை விளக்கியும் பேச ஆரம்பித்தார். மனைவி சோறு போட எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை இருவருமாகப் போனார்கள். இந்த முறை மனைவி தையலறையைத் தேர்ந்தெடுத்தாள். சுவரெல்லாம் துணி அடுக்கியிருந்ததால் அங்கே பேச்சு எதிரொலிக்கவில்லை. அம்மாவின் நாற்காலியை ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு திருப்பிப் போட்டாள். குழல்விளக்கை அணைத்தாள். விசிறியையும் அணைத்துவிட்டு, சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே குத்தினாள். இஸ்திரி மேசைமேல் துணிக்கட்டுகளை அடுக்கி, போனை அம்மாவின் கண்மட்டத்துக்கு நிறுத்தினாள். நடுவில் அழைப்பு எதுவும் வராதபடி போனை விமானப் பயன்முறைக்கு மாற்றினாள். லென்ஸைத் துடைத்தாள். கொஞ்சம் பேசச்சொல்லிப் பதிந்து, இயர்போனில் கேட்டாள்.

“அக்கா, கர்ருகர்ருனு ஏதோ உரசுது. அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கிறீங்களா?”

“அப்ப நான் என்ன பண்றது?” என்றார் ஒழுகல்காரர்.

மனைவி ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “அந்தப் பக்கம் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. முகத்துல இருட்டா இருக்கிற பாதிக்கு ஜன்னல் வெளிச்சம் இதுல பட்டுத் திரும்பும்.”

“அவ்வளவுதானா?”

“வாயை மூடிக்கிட்டு. அதுதான் கஷ்டமான வேலை, அதான் உங்களுக்குக் குடுத்தேன்.”

தையல்காரம்மா சிரித்தார். ஒழுகல்காரர் தன் தொழில் வாழ்க்கையின் முக்கியமான நாளில் கொடிக்கம்பியாக நின்றார்.

போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மனைவி, “லென்ஸைப் பார்க்காதீங்கக்கா, என்னைப் பார்த்துப் பேசுங்க. வீடு முன்னாடி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“மழை வந்தா நான் தூங்கமாட்டேன். இந்த அறையிலதான் சொட்டும். ஒருதரம் ஒரு பொண்ணோட கல்யாணத்துணி மொத்தமும் கறைபட்டுப் போச்சு. அவங்கம்மா என்னை ஒண்ணுமே சொல்லலை. திட்டியிருந்தாப் பரவாயில்லை.”

மனைவி ‘உம்’கூடக் கொட்டவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

“இவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி தயக்கம் ஏதாவது இருந்துச்சா?”

தையல்காரம்மா யோசித்தார். ‘தயக்கமே இல்லைன்னு சொல்லுங்கக்கா’ என்று ஒழுகல்காரருக்கு நாக்குவரை வந்துவிட்டது. மனைவி திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள்.

“உள்ளதைச் சொல்லட்டுமா? இவர் வந்து நின்னு பேசினதைப் பார்த்து, இவ்வளவு பேசறவன் எங்க வேலை செய்யப்போறான்னு நினைச்சேன். நினைச்ச மாதிரியே, அடைச்சுட்டுப் போன பிறகு வந்த முதல் மழையிலயே மறுபடியும் சொட்டுச்சு.”

ஒழுகல்காரர் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அப்புறம்?”

“போன் பண்ணினேன். கொட்டற மழையில வந்தார். மாடியில டார்ச்சை வெச்சுக்கிட்டு, தண்ணி எங்கிருந்து உள்ள போகுதுன்னு குத்தவெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தார். குடைகூட இல்லை. சொட்டறது இங்க, ஆனா தண்ணி இறங்கினது கைப்பிடிச்சுவர் அடியில. அதைக் கண்டுபிடிச்சு, காஞ்ச பிறகு வந்து அடைச்சார். அன்னைக்கு அந்த மாடியில இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசலை. அப்பத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. இப்ப மழைச் சத்தம் கேட்டா திரும்பிப் படுத்துக்கிறேன்.”

ஒழுகல்காரர் கையிலிருந்ததை மறந்தார். துணி தொங்கியது. அம்மாவின் பாதி முகத்தில் நிழல் விழுந்தது. மனைவி கண்ணாலேயே அவரை எரித்தாள்.

பிறகு ஒலியைச் சரிசெய்ய உதவுமென்று அறையின் வெறும் அமைதியையும் கொஞ்சம் பதிந்துகொண்டு மனைவி நிறுத்தியதும் அவர் பாய்ந்தார். “எல்லாம் பிரமாதம்கா! அந்த மறுபடி சொட்டினதை மட்டும் வெட்டிட்டா...”

“வெட்டினா என் முகத்தையும் சேர்த்து வெட்டிடுங்க தம்பி,” என்றார் தையல்காரம்மா. “முழுசாப் போடறதா இருந்தாத்தான் எங்கிட்ட சம்மதம் கேளுங்க.”

திரும்பும் வழியெல்லாம் அவர் மனைவியிடம் வாதாடினார். “முதல்ல ஒழுகிச்சுன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்?”

“ஒழுகலைன்னா நீங்க எதுக்கு மழையில போனீங்க? அதை எடுத்துட்டா அங்க கதையே இல்லை. வெறும் ஆமாதான் மிஞ்சும்.”

அவளும் ஜெயித்துவிடுவோம் என்று சொல்லவில்லை. அவர் நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துப் புரட்டினார். ஒருமுறை வெட்டிப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் தையல்காரம்மா சொல்லாத ஒன்றைச் சொல்வதுபோல் இருந்தது. பழையபடி சேர்த்து, விழுந்த நிழலோடு முழுதாக அனுப்பிவைத்தார். அது துணிச்சலால் அல்ல, வெட்டியதைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் என்பது அவருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து செயலாளர் அழைத்தார். ஒழுகல்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்ன சார், முதல் மழையிலேயே ஒழுகிச்சாமே?”

பதில்கள் அவர் மனதில் வரிசைகட்டி வந்தன. பழைய கட்டடத்தின் குணம், சுவரும் தளமும் சேருமிடத்தின் விரிசல், தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் சொட்டும் தந்திரம். எல்லாம் உண்மைதான். எதிரே மனைவி ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ஆமாங்க,” என்றார்.

பதில்கள் மறுபடி நாக்குக்கு வந்தன. விழுங்கினார்.

“எங்க மாடியிலயும் எங்க இறங்குதுன்னு யாருக்கும் தெரியலை,” என்றார் செயலாளர். “அடுத்த மழைக்கு ஆரம்பிச்சுடுங்க. டார்ச் எடுத்துட்டு வாங்க.”

அவர் சரி என்று மட்டும் சொல்லி வைத்தார். வைத்ததும் மனைவியிடம், தான் எவ்வளவு சுருக்கமாகப் பேசினோம் என்பதை விரிவாக விளக்க ஆரம்பித்தார்.