செயலாளர் ஜிப்பாவில் ஒரு நிஜ மடிப்பு

ஃபிரெட்ரிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் பாதி, அடுத்தவர் முகத்துப் பருவையும் தழும்பையும் துடைத்ததிலேயே போய்விட்டது. முதலில் பென்சிலும் தூரிகையும் கொண்டு நெகட்டிவில். இந்த இரண்டு வருஷமாக தி.நகரில் தனபாலனின் டிசைன் சென்டரில், கம்ப்யூட்டரில். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் வேளாங்கண்ணியில் வாங்கிய மரச்சிலுவை, கட்டைவிரல் அளவு. "கடவுள் அவசரத்துல விட்டதை நான் முடிச்சு வெக்கிறேன்" என்று சாந்தோம் கோயில் வாசலிலேயே நின்று சொல்லக்கூடிய மனுஷன். வாய் அப்படி.

அந்த வாய்க்கு ஆப்பு வைக்க ஒரு ஜிப்பா வந்தது.

ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூரில் ஒரு சபாவின் செயலாளர். வெள்ளிவிழா மலரின் முதல் பக்கத்துக்கு அவருடைய படம் 'எளிமையாக' வேண்டுமாம். எளிமைக்காக நாலு ஜிப்பா மாற்றிப் பார்த்தாராம்! அமெரிக்க மாப்பிள்ளை பரத்வாஜ் அவரை உச்சி வெயிலில் குளத்துப் படியில் உட்கார வைத்து, மாநிற முகத்துக்கு வெளிச்ச அளவு பார்த்து, ஸ்லைடு ஃபிலிமில் எடுத்திருந்தார். முகம் அருமையாக விழுந்திருந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளை வெளேர். தோள் எது, மடிப்பு எது, ஒன்றும் தெரியவில்லை.

"நெகட்டிவா இருந்தா கொஞ்சமாவது தோண்டி எடுக்கலாம் சார். ஸ்லைடுல வெளிச்சம் அதிகமாகி எரிஞ்சா அங்க வெறும் கண்ணாடிதான்" என்றார் ஃபிரெட்ரிக்.

"அதெல்லாம் உள்ள இருக்கும், மாப்பிள்ளை சொல்லிட்டார். தேடிப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார் செயலாளர், ஏதோ தொலைந்த சாவியைத் தேடச் சொல்வதுபோல.

அவர் தலை மறைந்ததும் தனபாலன் நாற்காலியைத் தட்டினான். "இன்னாண்ணே, நூத்திருபது பக்கம் மலரு. இது கை நழுவிச்சு, இந்த சீட்டுல வேற ஆளத்தான் குந்த வெப்பேன். அப்பால வருத்தப்படாதே."

ஃபிரெட்ரிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இந்த வயதில் வேறு எந்தக் கடையில் போய் மௌஸைப் பிடிப்பது? வெள்ளையைக் கறுப்பாக்கிப் பார்த்தார். ஜிப்பா முழுக்க ஒரே சாம்பல் நிறமானது, மடிப்பு வரவில்லை. கையால் நிழல் வரைந்தார். செயலாளர் தகரம் உடுத்தியதுபோல் ஆனார். கடைசியில் தன்னுடைய டெரிகாட்டன் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, செயலாளர் படத்தில் மூக்கு நிழல் விழுந்த பக்கம் பார்த்து, அதே பகல் நேரத்தில், மொட்டைமாடிப் படியில் அதே மாதிரி உட்கார்ந்தார். தனபாலன் படம் எடுத்தான். இந்தத் தடவை முகத்தைப் பற்றிக் கவலையில்லை, துணிக்குத்தான் அளவு. அந்த நெஞ்சை ஸ்கேன் செய்து, நிழல் மட்டும் இறங்கும்படி செயலாளர்மேல் படியவைத்தார். வெயில் நேராக அடிக்கும் தோளை வெள்ளையாகவே விட்டார். ஃபிலிமின் பொடிப்பொடிப் புள்ளிகளையும் தூவினார். தகரம் துணியாயிற்று.

செயலாளர் மனைவி ஜானுவோடு வந்து பார்த்தார். "பாத்தேளா, உள்ளதான் இருந்திருக்கு!"

ஜானு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "இது இவர் ஜிப்பாவே இல்லை. எங்காத்துல கஞ்சி போடாத ஜிப்பா கிடையாது. இப்படித் தொளதொளன்னு வழியாது. அங்கங்க ஒடிஞ்சு நிக்கும்."

"அதானே, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் செயலாளர். தனபாலன் நாற்காலியைப் பார்த்தான்.

மறுநாள் ஜானுவே ஒரு ஜிப்பாவைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். அப்பளம்போல் விறைப்பு. ஃபிரெட்ரிக் திரும்பவும் மாடியேறினார். கஞ்சித் துணி கழுத்தை அறுத்தது, உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. 'எளிமைக்கு இவ்வளவு வேதனையா, மாதாவே!' என்று முனகினார். ஆனால் அக்குளிலிருந்து மடிப்புகள் கோணல் கோணலாக ஒடிந்து கிளம்பின. அவற்றை எடுத்துப் படியவைத்ததும் மயிலாப்பூர் அப்படியே வந்துவிட்டது.

செயலாளர் பூரித்துப்போனார். விரல் திரையில் நெஞ்சின் நடுவே போய் நின்றது. "குறிப்பா இந்தக் குட்டி மடிப்பு! நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு. எவ்வளவு இயல்பு!"

ஃபிரெட்ரிக் குனிந்து பார்த்தார். அவசரத்தில் கழற்ற மறந்த மரச்சிலுவை, துணிக்கு அடியிலிருந்து புடைத்துக்கொண்டு நின்றது.

"அது... கொஞ்சம் பிசிறு சார். ஒரு நிமிஷத்துல எடுத்துடறேன்."

"தொட்டேள்னா மலர் வேற கடைக்குப் போயிடும்! இது ஒண்ணுதான்யா நிஜ மடிப்பு."

ஃபிரெட்ரிக் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஜானு திரையைப் பார்த்தாள். பிறகு ஃபிரெட்ரிக்கின் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைப் பார்த்தாள்.

"விடுங்கோ ஃபிரெட்ரிக், இருக்கட்டும். முப்பத்தஞ்சு வருஷமா குடித்தனம் பண்றேன். இவர் நெஞ்சுல ஏதோ இருக்குன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

செயலாளர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். தனபாலன் நீட்டிய தாளில் 'மாற்றம் எதுவும் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.