ஆறாவது ஈரடி

மைக் செட்காரர் வாழ்நாளெல்லாம் மேடைக்குப் பின்னாலேயே இருந்தவர். ஊரே கேட்ட பேச்சையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்தவர் வீட்டில் எட்டு மாதமாகப் பேச்சே இல்லை. பக்கவாதம் மனைவியின் வலக்கையையும் வாயையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு வழி சொன்னார். "பாட்டுப் பாடுங்க. கடைசி வார்த்தையை மட்டும் விட்டுடுங்க. சில பேருக்கு அது தானா வந்துரும்."

மைக் செட்காரருக்குச் சட்டென்று பிடிபட்டது. கஜல் கச்சேரிகளில் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு ஈரடியும் ஒரே சொல்லில் முடியும். அதற்கு முன்னால் ஒரே ஓசையில் ஓர் இயைபுச் சொல் வரும். இயைபு காதில் விழுந்ததுமே, பாடகர் வாய் திறக்குமுன் கூட்டம் அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொள்ளும். அவர் எடுத்துக்கொண்ட சொல் 'இருக்கேன்'. முதல் ஈரடியில் இரண்டு அடியிலும் அது வரவேண்டும், கேட்பவருக்குப் பழக:

வாசலில செருப்பு ரெண்டும் சேத்து இருக்கேன்
வந்துருவேன்னு சொன்ன சொல்லைக் காத்து இருக்கேன்

அடுத்தவற்றில் இரண்டாம் அடியில் மட்டும். ஒன்றுக்கொன்று கதைத் தொடர்ச்சி வேண்டாம். பாத்து, கோத்து என்று ஐந்து ஈரடி தேறியது. தினமும் பாடினார், 'இருக்கேன்' வருமிடத்தில் நிறுத்தினார். மனைவி சுவரைப் பார்த்தார்.

மனைவியின் அண்ணன் கட்டில் ஓரமாகவே உட்கார்ந்து சொன்னார்: "மாப்ளே, கட்டைகிட்ட கச்சேரி எதுக்கு? இந்த மாசத்துக்குள்ள ஒரு வார்த்தை வரலேன்னா முதியோர் இல்லத்துல சேத்துருவோம். அவளுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்கும் முடியல மச்சான். சீக்கிரம் போய்ச் சேந்துட்டாலும் அவளுக்கு நிம்மதிதான்," என்றார் மைக் செட்காரர், குரலைக்கூடத் தாழ்த்தாமல்.

ஆறாவது ஈரடிக்கு இயைபாக மிஞ்சியது 'தோத்து'. நோயாளியிடம் அதைப் பாடலாமா? இயைபை விட்டுவிட்டு நைசாக மாற்றினார்:

மாத்திரையும் மருந்துமா மல்லுக்கட்டி
மாடிப்படி பாதியில நின்னு...

மனைவியின் இடக்கை கட்டில் சட்டத்தைப் படீரென்று அடித்தது. தலை, இல்லை இல்லை என்று ஆடியது. மறுபடி பாடினார். மறுபடி அடி. வேர்த்துப்போய், "தோத்து?" என்றார். கை அடங்கியது.

"பாத்தியா! புரியுதுய்யா இவளுக்கு!" பக்கத்தில் இருந்த மச்சான் துள்ளிக் குதித்தார். பாதித் துள்ளலில் அவருக்கும் விளங்கிவிட்டது. செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

எட்டு மாதம். அந்தக் கட்டில் ஓரத்தில் பேசாத பேச்சா?

"எல்லாத்தையும் கேட்டியா?"

மனைவி கண்ணை எடுக்காமல் பார்த்தார். வாய் திறந்தது. காற்றுதான் வந்தது.

மைக் செட்காரருக்கும் வேறென்ன சொல்லத் தெரியும்? அதே அடியைப் பாடினார். "மாடிப்படி பாதியில தோத்து..." என்று 'இருக்கேன்' வருமிடத்தில் நிறுத்தினார். மனைவி மெல்லக் கண்களை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.