கூழ் வெடித்த வகுப்பு

மேலூரில் அப்போது நான் புவியியல் வாத்தியார். பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு வெளியேறும் வாய்தான் எரிமலை என்று சொல்லிவிட்டு, வகுப்பிலேயே மண்ணெண்ணெய் அடுப்பில் கேப்பைக்கூழைக் கொதிக்க வைத்தேன்.

"குழம்பு தண்ணியா இருந்தா வாயு லேசா வெளியேறிரும், குழம்பும் அதுபாட்டுக்கு வழிஞ்சு ஓடும். இந்தக் கூழு மாதிரி கெட்டியா இருந்தா வாயு உள்ளேயே சிக்கி, அழுத்தம் ஏறி வெடிக்கும்."

சொன்னபடியே கூழ் தெறித்தது. ஒரு சொட்டு கன்னத்தில் பட்டதும், "ஓடுங்கடா!" என்று அலறிக்கொண்டு, அத்தனை பிள்ளைகளையும் அடுப்போடு விட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை.

முன்பெஞ்சு மாணவி வாசலுக்கு வந்தாள். "அடுப்ப அணைச்சிட்டேன் சார். நீங்க பயப்படாம வாங்க."

கன்னத்துக் கொப்புளம் நாலு நாளில் ஆறியது. அந்த வாசலை நினைத்தால் இன்றும் முகம் முழுக்கச் சுடுகிறது.