எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு

பாளையங்கோட்டை நூலகமொன்றில் பழைய மிஷன் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது என் வேலை. பக்கங்கள் வெறும் படங்கள்தான். அந்தத் தேய்ந்த அச்சைக் கணினியால் வாசிக்க முடியவில்லை. தலைப்பிலும் விவரக்குறிப்பிலும் நான் தட்டச்சு செய்வதை மட்டுமே அது தேடும். சீக்கிரம் முடித்துத் தொலைக்க வேண்டுமென்ற பரபரப்பில், பக்கத்தின் உச்சியில் மாதாமாதம் அச்சிட்டிருந்த ‘சபைச் செய்திகள்’ என்பதையே தலைப்பாக வைத்து, விவரக்குறிப்பைக் காலியாக விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராதாபுரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். அவருடைய தாத்தாவைப் பெற்றவர் அந்தக் காலத்துப் பள்ளி ஆசிரியையாம்.

“ராதாபுரம்னு போட்டா ஒண்ணுமே இல்லங்குது வே.”

“எல்லாம் ஏத்தியாச்சு அண்ணாச்சி” என்றேன் எரிச்சலாக.

“ஏத்தி என்னத்துக்கு? கண்ணுல காட்ட மாட்டேங்குதே.”

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தோம். மதியத்துக்குமேல் அகப்பட்டது: ராதாபுரம் ஆசிரியை காலராவில் இறந்தார் என்று நாலே வரி. அவர் திரையை விரலால் தொட்டு வாசித்தார். ஊர், பள்ளி, காலரா எல்லாவற்றையும் விவரக்குறிப்பில் சேர்த்தேன். அவர் மறுபடி தேடினார், உடனே வந்தது.

அவர் போனபின் இருப்புக்கொள்ளவில்லை. ‘சபைச் செய்திகள்’ என்று நானே தேடினேன். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. அத்தனையும் என் கைவரிசை.