கடைசிப் பந்தியில் ஹாஃபிஸா மதினி

யூடியூபில் சமையல் வீடியோ போடும் பேகம்பூர் ரஃபியாவுக்கு ஐம்பது பேருக்குப் பிரியாணி ஆக்கச் சொன்னால் பயமில்லை. கணவரின் அக்கா ஹாஃபிஸா மதினியிடம்தான் பயம். போன ரம்ஜானில் கஞ்சி வீடியோவுக்குக் கீழே ஹாஃபிஸா கேட்ட கேள்விக்குப் பதில் போடாமல் விட்டதற்கு ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போதுதான் முகம் பார்த்துப் பேசுகிறார். இன்னொரு தடவை தாங்காது.

பிரியாணி வீடியோவுக்கு இருநூற்றுப் பதினான்கு கமெண்ட் வந்ததும், கேள்வி-பதில் வீடியோ போட ரஃபியா உட்கார்ந்தாள். கல்யாணப் பந்தியில் உட்கார வைப்பது போலக் கேள்விகளை வரிசைப்படுத்தினாள்: முதலில் மதினி, அப்புறம் சம்பந்தி வீடு, துபாய் சொந்தம், கடைசியில் ஊர் பேர் தெரியாதவர்கள். எழுதியதைக் கணவர் பக்ருதீனிடம் வாசித்துக் காட்டினாள்.

"சோறு ஏன் குழையுதுன்னு மதினி கேக்குறாங்க. தண்ணி கூடியிருக்கும், அளவு பின்னால சொல்றேன். அரிசி அதிகம் ஊறியிருக்கும், அதையும் பின்னால சொல்றேன்."

"எல்லாம் பின்னாலன்னா, முன்னால எதுக்கு வந்த?" என்றார் பக்ருதீன்.

ரஃபியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மனுஷன் சொன்னது சரிதான். கேள்விகளைத் துண்டுத் தாளில் எழுதி அடுப்படித் தரையில் பரப்பினாள். 'சூப்பர் அக்கா'க்களைத் தள்ளி வைத்தாள். தண்ணீர் அளவு கேட்ட அறுபத்தொரு பேரையும் ஒரே கேள்வியாக்கினாள். பிறகு சமைக்கிற வரிசையிலேயே அடுக்கினாள்: என்ன அரிசி, எவ்வளவு நேரம் ஊறணும், தண்ணீர் எவ்வளவு, தம் எத்தனை நிமிடம், அதற்கப்புறம் தப்பினால் ஏன் தப்புகிறது. எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. மதினியின் தாள் மட்டும் கடைசிக்குப் போயிருந்தது.

"எங்க ஹாஃபிஸா லாத்தாவ கடைசிப் பந்தியிலயா உட்கார வைக்கப் போற?" என்றார் பக்ருதீன். அந்தத் தாளை மேலே தூக்கினால் மற்றதெல்லாம் குலைந்தது. மூன்று தடவை தூக்கி, மூன்று தடவை இறக்கினாள்.

கடைசியில் கேள்வியைத் தொடக்கத்திலும் பதிலை முடிவிலும் வைத்தாள். "எங்க ஹாஃபிஸா மதினிக்குச் சோறு குழையுதாம். ஏன்னு கண்டுபிடிக்க அரிசியிலேருந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு வருவோம், வாங்க." இதைவிட மரியாதை ஒருத்தருக்குச் செய்ய முடியாது என்று திருப்தியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வீடியோவைப் போட்டாள்.

சனிக்கிழமை காலை போன் வந்தது.

"ஏன்டி, எனக்குச் சோறு ஆக்கத் தெரியலன்னு இருபதாயிரம் பேருகிட்டச் சொல்லிட்டியா?"

கமெண்ட்டில் பாதிப் பேர், மதினிக்கு இப்போது உதிரியாக வருகிறதா என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"வீடியோவப் பாதியில நிறுத்திறலாம்னுதான் பாத்தேன். ஏன் குழையுதுன்னு தெரியாம எப்படி நிறுத்துறது? அரிசி அரை மணி நேரந்தான் ஊறணுங்குற, நான் காலையிலேயே ஊறப்போட்டுட்டு, மத்தியானம் லுஹர் தொழுதுட்டுல்ல அடுப்புல ஏத்துறேன்!" மதினியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாளைக்கு வாரேன். உன் அடுப்புல நானே ஆக்குறேன், நீ படம் எடு. அம்புட்டுப் பேரும் பாக்கட்டும்."

"வாங்க மதினி," என்றாள் ரஃபியா. நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

"ஒரு சந்தேகம். அரிசி ஊறுற அந்த அரை மணி நேரம், நான் வர்றதுக்கு முன்னாலயா, வந்த பொறகா?"