கதவைச் சாத்திவிட்டு எடுத்த அளவு

என் அக்காவுக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும். பகல் மாத்திரை போட்டதும் பின்பக்கத் தகர அறையில் போய்ப் படுத்துவிடுவாள். நான் முன்னறையில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டாலும் காதில் விழாது.

நல்ல காங்கிரீட் அறை இருக்கும்போது தகர அறை எதற்கு என்று எங்கள் தீவில், மின்னி பே கடற்கரைப் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். பூகம்பம் வந்து, பின்னாலேயே கடலும் வந்த அந்தக் காலையிலிருந்து அக்கா காங்கிரீட்டுக்குக் கீழே கண் மூடியதில்லை.

அவளைப் பார்த்துக்கொள்ள என் கணவர் ஒரு வழி செய்தார். அவர் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர். பழைய போன் ஒன்றை அவள் கட்டிலுக்கு எதிரே கேமராவாக வைத்தார். படம் என் மிஷின் மேலிருக்கும் போனில் வரும். தீவில் நெட் எப்படி என்று சொல்லவே வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் இரண்டு போனும் பேசிக்கொள்ள நெட் வேண்டாம், வைஃபை போதும் என்றார்.

படம் அடிக்கடி நின்றது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனில் சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, வீட்டின் படத்தைத் தாளில் வரைந்துகொண்டு இருவரும் கிளம்பினோம்.

"மைனஸுக்கு அப்புறம் நம்பர் ஏற ஏற சிக்னல் கம்மி. ஒவ்வொரு இடத்திலயும் நம்பர் நிக்கிற வரைக்கும் நில்லு. உன்னைப் பார்த்தாலே ஓடுது," என்றார்.

"உங்களைப் பார்த்து நான் ஓடாம இருக்கேனே, அதைச் சொல்லுங்க."

வைஃபை ரூட்டர் இருந்த முன்னறையில் மைனஸ் நாற்பது, தாளில் பச்சை. நடையில் அறுபத்துமூன்று. அக்காவின் அறையில் எழுபத்தொன்று. சுமார்தான், ஆனால் ஓடும் என்று மஞ்சள் பென்சிலால் தீட்டினார். "டீக் ஹை, பரவாயில்ல, சமாளிக்கும்."

மறுநாள் மதியம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிரும்போதெல்லாம் போனில் அக்கா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நிம்மதியாக இருந்தது. இரண்டு கையும் தைத்து முடித்துவிட்டுப் பார்த்தேன். அதே ஒருக்களிப்பு. மேலே ஃபேன் சுற்றும்போது எப்போதும் படபடக்கும் அவள் தலைமாட்டுக் காலண்டர் அசையவே இல்லை.

படம் நின்றுபோயிருந்தது. ஓடினேன். தகரக் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தால், அக்கா தரையில் குப்புறக் கிடந்தாள். உடம்பு வெட்டிக்கொண்டிருந்தது. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். நுரை வழிந்தது. வெட்டு நின்று, மூச்சு சீராகும் வரை அவளை விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ! அந்த நேரமெல்லாம் நான் நின்றுபோன படத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் அவரைப் பிடித்து உலுக்காத குறைதான். அவர் போனை வாங்கிக்கொண்டு தகர அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நானும் உள்ளே நின்றேன். ஆப்பில் சிக்னல் கோடு சரிந்தது. எழுபத்தொன்று எண்பதாகி, எண்பத்தெட்டில் போய் நின்றது.

"நாலு பக்கமும் தகரம். சிக்னல் கதவு வழியாத்தான் வந்திருக்கு," என்றார். "நேத்து நாம திறந்து வெச்சு அளந்தோம்."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவளிடம் அளவெடுத்தால் ஜாக்கெட் சேராது. தினமும் அதைச் சொல்கிற எனக்கு, தூங்கும்போது அக்கா கதவைச் சாத்துவாள் என்பது தோன்றவில்லை. காற்றில் தகரக் கதவு அடித்துக்கொண்டால் அந்தக் காலையின் சத்தம் அவளுக்குக் கேட்கும். அதனால்தான் சாத்துவாள்.

தாளில் அவள் அறை முழுவதையும் சிவப்பாக்கிக் காட்டினேன். "பாருக்கா, முன்ரூம்ல எவ்வளவு பச்சை. அங்க வந்து படு."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "அந்தப் பச்சைக்கு மேலயும் அதே காங்கிரீட்தானேடி இருக்கு?"

தாளை மடித்துவைத்தேன்.

ஒயர் இழுத்து அந்த அறைக்குள்ளேயே இன்னொரு வைஃபை பெட்டி வைக்கலாம், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார் அவர். அதுவரை எப்படி இருப்பது? மறுநாள் காலையிலேயே மிஷினைத் தூக்கிவந்து அக்காவின் கட்டிலருகே போட்டேன். தகரத்துக்குள் அந்தச் சத்தம் இடி மாதிரி இருந்தது. இதில் எங்கே தூங்கப்போகிறாள் என்று நினைத்தேன். தூங்கினாள்.

பிறகு பெட்டியும் வந்தது. கதவைச் சாத்தி அளந்தோம், மைனஸ் நாற்பத்தைந்து. ஆனாலும் நான் மிஷினை முன்னறைக்குக் கொண்டுபோகவில்லை.

ஒருநாள் நூல் அறுந்து மிஷினை நிறுத்தினேன். நல்ல தூக்கத்திலிருந்த அக்கா விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் நின்னுடுச்சே," என்றாள். "உனக்கு என்னடி ஆச்சு?"