நட்சத்திரக் கட்டத்தில் ஓர் இடைவெளி

கரம்பொனில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு மின்விசிறி, இரண்டு கணினி, முதலாளி அண்ணை, நான். அவர் இணையத்தளம் செய்வார், நான் அதில் பிழை பிடிப்பேன். அதற்குத்தான் சம்பளமும் தருகிறார். ஆனால் பிடித்தால் மூஞ்சையை நீட்டுவார்.

அயல்தீவுக் கோயில் ஒன்றுக்கு வெளிநாட்டுச் சனம் அர்ச்சனை பதிவதற்குப் படிவம் செய்தார். பேர், நட்சத்திரம், அவ்வளவுதான். நட்சத்திர வாரியாகப் பிரிந்து ஐயருக்குப் பட்டியல் போகும். கட்டத்தை வெறுமையாக விட்டால் பிரவுசர் மறிக்கும்.

“கட்டாயம் நிரப்பவேணும் எண்டு ரிக்வயர்ட் போட்டாச்சு. சேர்வரில ஒண்டும் பார்க்கத் தேவையில்லை. ‘இது போதும்’ எண்டு ஒரு வரி எழுதித் தாரும், கோயிலுக்கு அனுப்ப,” என்றார்.

“போதாது அண்ணை, இஞ்ச பாருங்கோ.”

நட்சத்திரக் கட்டத்தில் இடைவெளி விசையை ஒரு தட்டுத் தட்டினேன். படிவம் மறிபடாமல் போய்விட்டது. பிறகு பிரவுசரிலேயே பக்கத்தின் நிரலைத் திறந்து, ரிக்வயர்ட் என்ற சொல்லை அழித்துவிட்டு, வெறுமையாக அனுப்பினேன். அதையும், பதிவுகளை வாங்கி வைக்கும் சேர்வர் ஒரு கேள்வி கேட்காமல் விழுங்கியது. அந்தச் சொல் இருப்பது பார்க்கிறவர் கையிலுள்ள பக்கத்தில், சேர்வருக்கு அது தெரியவே தெரியாது.

“விசர்க் கதை கதையாதேயும். கோயிலுக்குப் பதியிற சனம் இந்தக் கூத்தெல்லாம் ஆடுமோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத ஏலாது என்றேன். அவரே எழுதி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசையைக் கோயில் நேரலையில் காட்டியது. அண்ணை சந்தோசப் புழுகத்தோடு கதிரையை இழுத்துப் போட்டார். ஐயர் அசுவினியில் தொடங்கி ரேவதி வரை வாசித்து முடித்தார். அப்போது திரையின் கீழே கனடாவிலிருந்து ஒரு தாயின் செய்தி விழுந்தது: “என்ரை மகனை ஒப்பரேசனுக்குக் கொண்டு போகப்போகினம். அவன்ரை பேர் இன்னும் வாசிக்கேல்லை.”

அவன் பேரைக் கேட்டுப் பதிவுகளைத் தேடினேன். பேர் இருந்தது. நட்சத்திரக் கட்டத்தில் வெறும் இடைவெளி. எந்த நட்சத்திரத்திலும் சேராததால் பட்டியல் அவனை விட்டுவிட்டது.

“கூத்தாடின சனம் இந்தா இருக்கு, அண்ணை.”

அவர் ஏற்கெனவே கோயிலுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். “நட்சத்திரம் என்னவெண்டு ஐயர் கேக்கிறார். கெதியாக் கேளும்!”

கேட்டு எழுதினேன். பதில் உடனே வந்தது. அதை உரக்க வாசித்தேன்: “தெரியாது பிள்ளை. சண்டை நேரம், அவன் பங்கருக்குள்ள பிறந்தவன். மேலை செல்லடி. ஆர் மணிக்கூடு பார்த்தது? வெறுமையா அனுப்பக் கட்டம் விடேல்லை, அதுதான் ஒரு தட்டுத் தட்டினனான்.”

அண்ணையின் முகம் செத்துப்போனது. “நட்சத்திரம் வேண்டாம் ஐயா,” என்றார் போனில். “பேரை மட்டும் சொல்லுங்கோ.” பிறகு என்னிடம், “சேர்வரிலயும் பாரும். நட்சத்திரத்துக்கு ‘தெரியாது’ எண்டும் ஒண்டு போடும்,” என்றார்.

திரையில் ஐயர் திரும்பவும் சந்நிதிக்குப் போனார். பேரை உரக்கச் சொன்னார்.

“கேட்டது,” என்று தாய் எழுதினாள். “இப்பதான் உள்ளுக்குக் கொண்டு போகினம்.”